டிராப் ஏ சுருதியில் ராப் வரிகள் மூழ்கிப்போகின்றன: மிக்ஸில் பிழையா, ரிஃப்பில் பிழையா?

மந்தாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐவர் குழு நு மெட்டல் பாணியில் ஒரு பாடலைப் பதிவு செய்திருக்கிறது. வேகம் 92 பிபிஎம். ஆறு தந்திக் கிட்டாரை டிராப் ஏ வரை இறக்கியிருக்கிறோம், அதாவது தடித்த தந்தி ஈ-யிலிருந்து ஏ-க்கு வந்துவிட்டது. சரணத்தில் ராப், பல்லவியில் பாட்டு. பல்லவி நன்றாகவே இருக்கிறது. சிக்கல் சரணத்தில்தான். கிட்டார் பதினாறாம் பங்கு சுரங்களில் இடைவிடாமல் பாம் மியூட்டில் ஓடுகிறது, அதன் மேல் ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அசைகள் வீதம் ராப் வருகிறது. ராப் செய்பவர் நல்ல தெளிவுள்ளவர். ஆனாலும் பதிவில் அவர் பக்கத்து அறையிலிருந்து கத்துவது போலத்தான் கேட்கிறது.

குரலை உயர்த்தினால் கிட்டார் ஈ மொய்ப்பது போல் சிறுத்துவிடுகிறது. குரலில் 3 கிலோஹெர்ட்ஸைக் கூட்டிப் பார்த்தோம், காது கூசியதே தவிர சொற்கள் தெளியவில்லை. பதிவு செய்து கொடுத்த இடத்தில் "இந்த வகை இசையே இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் 2000-ல் வந்த லிங்கின் பார்க்கின் முதல் ஆல்பத்தில் மைக் ஷினோடாவின் ஒரு சொல்லும் எனக்குத் தவறியதில்லை. எங்கள் தவறு எங்கே இருக்கிறது?

---

அதிர்வெண் எழுதியது:

கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கு மோதலே இருக்கக்கூடாது. இறக்கிய ஏ-யின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிச்சுரம் பேச்சில் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே கிட்டார் குரலுக்கு அடியில் தனித் தளத்தில் இருக்கிறது. நு மெட்டலில் சுருதியை இறக்குவதன் காரணமே குரலுக்கு மேலே இடம் விடுவதுதான். உங்கள் மைக்கோ குரலுக்குப் போட்ட கம்ப்ரஸரோ சரியில்லை என்று நினைக்கிறேன். குரலை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

---

ஒற்றைத்தந்தி எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. நானும் ஆறு தந்திக் கிட்டாரில் ஏ வரை இறக்கினேன், தந்தி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடித்துக் கரகரத்தது. பிரிட்ஜை உயர்த்தினேன், நெக்கைச் சரிசெய்தேன், எதுவும் உதவவில்லை. கடைசியில் 46 தடிமன் தந்தியைக் கழற்றிவிட்டு 64 போட்டேன், கரகரப்பு நின்றது. நீங்கள் என்ன தந்தி போட்டிருக்கிறீர்கள்?

---

மந்தாரம் எழுதியது:

நன்றி. எங்கள் பிரச்சினை தந்தி கரகரப்பு அல்ல, குரல் கேட்காததுதான். இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன்: அடித்தந்தி 52. கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கிறது, ஆனால் ஃப்ரெட்டில் அடிக்கவில்லை.

---

தாளக்கட்டை எழுதியது:

அதிர்வெண் சொன்ன எண்கள் சரி, அவற்றிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை. 55 ஹெர்ட்ஸ் தந்தியில் இருக்கலாம், கிட்டார் ஸ்பீக்கரில் பெரும்பாலும் இருக்காது. பன்னிரண்டு அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே விரைவாகச் சரிந்துவிடுகின்றன. அந்த அடித்தளத்தை உங்களுக்குக் கொடுப்பது பேஸ் கிட்டார்தான். கிட்டாரிலிருந்து நாம் உண்மையில் கேட்பது 110, 165, 220 என்று மேலே ஏறும் மடங்குச் சுரங்களை. 110 எங்கே விழுகிறது என்று பாருங்கள்: ராப் செய்பவரின் நெஞ்சுக் குரல் இருக்கும் அதே இடத்தில். சுருதியை இறக்கியதால் கிட்டார் குரலுக்கு அடியில் போய்விடவில்லை. முன்பு சற்று மேலே அடர்ந்திருந்த கூட்டம் இப்போது குரலின் மடியிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கிட்டார் தடங்களை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதுமாக வெட்டிவிடுங்கள். "கனம்" குறைந்ததாக ஏறக்குறைய யாருக்கும் தோன்றாது. பிறகு அதே வெட்டை 250-க்கு உயர்த்துங்கள், கிட்டார் தகர டப்பாவாகிவிடும். நாம் கனம் என்று அழைப்பது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் குடியிருக்கிறது.

ஆனால் மந்தாரத்தின் பிரச்சினைக்கு இதுவும் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நேரத்தில் இருக்கிறது. 92 பிபிஎம்மில் ஒரு பதினாறாம் பங்கு 163 மில்லிவிநாடி. உங்கள் கிட்டார் ஒவ்வொரு 163-க்கும் ஒரு முறை அடிக்கிறது. உங்கள் ராப்பரும் பதினாறு இடங்களில் பதின்மூன்றில் ஓர் அசையை வைக்கிறார். அதிகக் கெயின் போட்ட ஆம்ப் ஒலியை நசுக்கிச் சமப்படுத்திவிடுவதால் இரண்டு அடிகளுக்கு நடுவில் கூட உண்மையான அமைதி இல்லை. கிட்டாரின் பிக் தந்தியைத் தொடும் சத்தம் ஏறத்தாழ 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் விழுகிறது. க், ச், ட், த், ப் என்ற வல்லினங்கள் வெடிக்கும் இடமும் பெரும்பாலும் அதற்கு அருகில்தான். ஆகவே ஒவ்வொரு வல்லினத்தின் தலையிலும் ஒரு பிக் அடி விழுகிறது. சொற்களை அடையாளம் காட்டுபவை மெய்கள். அவை போனபின் மிஞ்சுவது உயிர்களின் ஓலம். நீங்கள் சொன்ன "பக்கத்து அறைக் கத்தல்" அதுதான்.

இதை ஈக்யூவில் தீர்க்க முயல்வது, இருவர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சட்டையின் நிறத்தை மாற்றிப் பார்ப்பது போன்றது. ரிஃப்பை மாற்றுங்கள்.

---

பழைய_நாடா எழுதியது:

இது தலைகீழாக வந்த வழியின் விளைவு. ராப்பும் ராக்கும் முதலில் சந்தித்தபோது ரிஃப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஹிப் ஹாப் பக்கத்துக்காரர்கள். 1986-ல் ரன்-டிஎம்சி ஏரோஸ்மித்தின் 1975-ஆம் ஆண்டுப் பாடலை ரிக் ரூபினின் தயாரிப்பில் எடுத்துச் செய்தபோது ஸ்டீவன் டைலரும் ஜோ பெர்ரியும் நேரில் வந்து பங்கேற்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாடலின் தொடக்க டிரம் பகுதியை டிஜேக்கள் அதற்கு முன்பே சுழற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அந்த ரிஃப் துண்டு துண்டாக நிற்கிறது, ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிறது. பேச இடமுள்ள ரிஃப்பைத்தான் ராப்பர்கள் தேடி எடுத்தார்கள். மெட்டல் குழுக்கள் தாங்களே ராப்பைச் சேர்க்கத் தொடங்கியபோது, ஏற்கெனவே நிரம்பி வழிகிற ரிஃப்பின் மேல் அதை ஏற்றினார்கள். உங்கள் பாடலிலும் அதுதான் நடந்திருக்கிறது.

இன்னொன்று. கனத்துக்கு ஏ வரை இறங்க வேண்டும் என்பது கோர்ன் குழு விட்டுச்சென்ற மூடநம்பிக்கை. 1992-ல் ரேஜ் எகெய்ன்ஸ்ட் த மெஷின் செய்ததை டிராப் டி-யிலேயே செய்தார்கள், அதாவது ஒரே தந்தியை ஒரே சுரம் இறக்கி. அந்த ஆல்பத்தின் உறையில் சாம்பிளோ கீபோர்டோ சிந்தசைசரோ பயன்படுத்தவில்லை என்று எழுதியே வைத்தார்கள். கோர்ன் ஆட்களோ தங்களுக்கென்று ஏழு தந்திக் கிட்டாரையே செய்ய வைத்துவிட்டார்கள்.

---

தாளக்கட்டை எழுதியது:

கடைசி வரி மட்டும் தவறு. ஐபனேஸ் யுனிவர்ஸ் ஏழு தந்திக் கிட்டார் 1990-ல் கிட்டார்க் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக வந்தது. அது வேகமான தனி வாசிப்புக்கான கருவி. பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த கோர்ன் அதே கருவியை எடுத்து, முழுவதையும் ஒரு சுரம் இறக்கி, ஏழாவது தந்தியை ஏ-யில் வைத்து, அதன் மேலேயே பாதிப் பாடலை உட்கார வைத்தது. 1994-ல் ராஸ் ராபின்சன் தயாரிப்பில் வந்த முதல் ஆல்பத்தில் அதைக் கேட்கலாம். ஸ்டீவ் வாய் மேலே ஏறப் பயன்படுத்திய ஏணியை இவர்கள் கிணற்றில் இறக்கினார்கள்.

டிராப் டி போதுமா என்பதில் உங்களோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. சுருதி இறங்க இறங்க ரிஃப்பின் இயல்பே மாறுகிறது. 55 ஹெர்ட்ஸ் பக்கம் முழுக் கார்டு வாசித்தால் டிஸ்டார்ஷனில் கூழாகிவிடும், ஒற்றைச் சுரமோ ஐந்தாம் சுரத்தோடு சேர்ந்த பவர் கார்டோதான் தாங்கும். டிராப் சுருதியில் அந்தப் பவர் கார்டையும் ஒரே விரலைப் படுக்கவைத்துப் பிடித்துவிடலாம். இப்படி மெட்டிசை குறைந்து, கிட்டார் மெல்ல மெல்லத் தோற்கருவி ஆகிவிடுகிறது. ராப்பும் குறிப்பிட்ட சுரத்தில் நிற்காத தாளப் பேச்சுதான். இரண்டு தாளக்கருவிகள் சேர்வது எளிது என்பதால்தான் இந்தக் கலப்பு கீழ்ச்சுருதியில் இயல்பாக ஒட்டியது. அதே காரணத்தால்தான் இரண்டும் ஒரே அடியில் விழுந்தால் மோதுகின்றன.

கோர்னில் ஜோனதன் டேவிஸ் ராப் செய்தது மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998 ஆல்பத்தில் ராப் வேண்டியிருந்தபோது ஐஸ் கியூபையும் ஃப்ரெட் டர்ஸ்டையும் அழைத்தார்கள். ஆகவே மந்தாரம் பார்க்க வேண்டிய முன்மாதிரி கோர்ன் அல்ல.

---

குரல்வளை எழுதியது:

பதினோரு ஆண்டுகளாக ராப் செய்கிறேன், இரண்டு மெட்டல் குழுக்களில் இருந்திருக்கிறேன். எல்லோரும் கிட்டாரையே திருத்தச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அசை என்பது வெறும் டிரம்மும் பேஸும் உள்ள பின்னணிக்கு எழுதிய வரி. கனமான ரிஃப்பின் மேல் அதை அப்படியே கொண்டுவந்தால் மூழ்கத்தான் செய்யும். ரேஜ் எகெய்ன்ஸ்ட் த மெஷினின் ஸாக் டி லா ரோச்சா எத்தனை இடங்களில் நான்கைந்து சொற்களை மட்டும் வைத்துவிட்டு மீதியை மௌனத்துக்கு விடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ரிஃப் நிற்கட்டும், வரியைக் குறையுங்கள். ரிஃப் அடியோடு சேர்ந்து விழ வேண்டிய அசையை நெடிலாக வையுங்கள், மெய் மறைந்தாலும் உயிர் நீண்டு நின்று சொல்லைக் காப்பாற்றும். வல்லினம் நிறைந்த சொற்களை அடி இல்லாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

குரலை இரட்டைத் தடமாகப் பதிவு செய்தீர்களா? முழு வரியையும் இரண்டு முறை சொல்லிப் பதிந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் குரலுக்கு உடம்பு வரும்.

---

மந்தாரம் எழுதியது:

முழுச் சரணமும் இரட்டைத் தடம்தான். கிட்டார் நான்கு தடங்கள், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. வரியைக் குறைக்கச் சொன்னால் எங்கள் ராப்பர் குழுவை விட்டே போய்விடுவார், ஆகவே முதலில் கிட்டாரைத் தொட்டுப் பார்க்கிறேன். தாளக்கட்டை, ரிஃப்பை மாற்று என்றால் எப்படி மாற்றுவது என்று சற்று விரித்துச் சொல்ல முடியுமா? ரிஃப்பை வெட்டினால் அது மெட்டலாக இருக்குமா என்று எங்கள் கிட்டார்க்காரர் இப்போதே முணுமுணுக்கிறார்.

---

தாளக்கட்டை எழுதியது:

ஒரு சுற்றைப் பதினாறு கட்டங்களாகப் போடுங்கள். உங்களுடைய இப்போதைய ரிஃப்பில் பதினாறும் அடி. அதை ஐந்தாகக் குறைத்துப் பாருங்கள், கிக்கும் அந்த ஐந்தில் மட்டும் விழட்டும்:

```
        1    2    3    4
கிட்டார்  x--x --x- x-x- ----
கிக்      x--x --x- x-x- ----
ஸ்னேர்   ---- x--- ---- x---
```

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கிட்டாரும் கிக்கும் ஒன்றாக விழுவதால் அடிகள் குறைந்தும் கனம் கூடியதாகத் தோன்றும். தனித்தனியே சிதறிய பதினாறு குத்துகளைவிடச் சேர்ந்து விழும் ஐந்து இடி பெரிது. உங்கள் கிட்டார்க்காரரின் முணுமுணுப்புக்கு இதுவே பதில். இரண்டாவது, நான்காம் எண்ணிக்கை முழுவதும் காலி, அங்கே ஸ்னேர் மட்டும்தான் இருக்கிறது. ராப்பில் இயைபுச் சொல் பெரும்பாலும் வரியின் கடைசியில், அந்த ஸ்னேரின் மேலோ அதையொட்டியோ விழும். கேட்பவர் ஒரு வரியில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார் என்றால் அது அந்தச் சொல்தான், அதற்குத் தனி அறை கொடுத்திருக்கிறோம். மூன்றாவது, இடைவெளி உண்மையான இடைவெளியாக இருக்க வேண்டும். வலக்கை தந்தியை அமர்த்தினாலும் அதிகக் கெயினில் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். நாய்ஸ் கேட் போடுங்கள், ஒவ்வொரு அடிக்கும் பின் கதவைச் சாத்துவது போல மூடட்டும். சரணத்துக்கு மட்டும் கெயினை ஒரு பங்கு குறைத்தால் கேட்டுக்கும் வேலை எளிதாகும்.

அதோடு, சரணத்தில் நான்கு தடம் வேண்டாம், பக்கத்துக்கு ஒன்று போதும். நடு இடம் குரலுக்கும் ஸ்னேருக்கும் உரியது. பல்லவி வரும்போது நான்கையும் திறந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன லிங்கின் பார்க் ஆல்பத்தில் பல பாடல்களில் நடப்பது இதுதான்: ராப் வரும்போது பீட்டும் பேஸும் ஒரு சிறு கீபோர்டு அல்லது சாம்பிள் இழையும் முன்னால் நிற்க, கிட்டார் ஒதுங்கியோ அமர்த்தப்பட்டோ இருக்கும். செஸ்டர் பென்னிங்டன் வாய் திறக்கும்போதுதான் கிட்டார் சுவர் எழும். பாடும் குரல் நீண்ட உயிர்களில் சுவருக்கு மேலே மிதக்கும், ராப் மிதக்காது. அவர்களிடம் இரண்டு குரல்கள் இருந்தது வெறும் அலங்காரம் அல்ல, ஒலிக்கான வேலைப் பங்கீடு.

---

பழைய_நாடா எழுதியது:

இதை நான் குறையாகத்தான் சொல்வேன். கிட்டார் ஒதுங்கிக்கொண்டால் அது கலப்பு அல்ல, முறை வைத்துக்கொள்வது. சரணம் ஹிப் ஹாப், பல்லவி ராக் என்று கோடு போட்டுப் பிரித்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ரேஜ் எகெய்ன்ஸ்ட் த மெஷினின் கிட்டார்க்காரர் டாம் மொரெல்லோ ராப்புக்கு நடுவில் பிக்கப் ஸ்விட்சைத் தட்டித் தட்டி ஒலியை வெட்டி, கிட்டாரையே டிஜேயின் ஸ்க்ராட்ச் போலப் பேச வைத்தார். ஒரு பிக்கப்பின் வால்யூமைச் சுழியில் வைத்துவிட்டு, ஸ்விட்சை அங்கும் இங்கும் தட்டுவது, அவ்வளவுதான். அங்கேதான் உண்மையில் இரண்டும் கலந்தன.

---

தாளக்கட்டை எழுதியது:

ரசனை என்ற அளவில் மறுக்கமாட்டேன். ஆனால் அவர் அதை எப்போது செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குரல் நின்ற இடத்தில், தனி வாசிப்பில். லிம்ப் பிஸ்கிட்டில் ஹவுஸ் ஆஃப் பெய்னிலிருந்து வந்த டிஜே லெத்தல் ஸ்க்ராட்சை வைப்பதும் பலமுறை வரிகளுக்கு நடுவிலுள்ள சந்துகளில்தான். முறை வைத்துக்கொள்வதில் யாரும் தப்பவில்லை, சிலர் சுற்றுக்குச் சுற்று முறை வைக்கிறார்கள், சிலர் கட்டத்துக்குக் கட்டம்.

குரல்வளையிடம் ஒரு கேள்வி. ராப்பை முழுவதும் இரட்டைத் தடமாக வைக்கச் சொல்கிறீர்களே, இரண்டு தடங்களிலும் ஒரே வல்லினம் 20, 30 மில்லிவிநாடி முன்பின் விழுந்தால் அது மழுங்காதா? நான் கடைசி இரண்டு சொற்களை மட்டும் இரட்டிப்பேன்.

---

குரல்வளை எழுதியது:

கை தேர்ந்தவர் செய்தால் அவ்வளவு விலகாது. விலகினால் இரண்டாம் தடத்தில் வல்லினங்களை விழுங்கிச் சொல்ல வேண்டும், "கட்டு" என்பதை அங்கே ஏறக்குறைய "அத்து" என்று. மெய்யை முதல் தடம் கொடுக்கும், உடம்பை இரண்டாவது கொடுக்கும். கடைசிச் சொல்லை மட்டும் இரட்டிப்பது மேடையில் துணைக்குரல் கொடுக்கும் பழக்கத்திலிருந்து வந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு கனமான பின்னணியில் ஒற்றைக் குரல் எனக்கு எலும்புக்கூடாகத்தான் கேட்கிறது.

---

ஒற்றைத்தந்தி எழுதியது:

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 64 போட்டபின் கரகரப்பு போனது, ஆனால் வேகமாக அடித்தால் சுருதி சேராதது போலவே இருக்கிறது. டியூனரில் பச்சை விளக்கு சரியாகத்தான் எரிகிறது.

---

தாளக்கட்டை எழுதியது:

மன்னிக்கவும், உங்களைக் கடந்து போய்விட்டோம். உண்மையில் நீங்கள் கேட்பது மந்தாரத்துக்கும் தேவையானது.

ஒரே தந்தியில் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஈ-யிலிருந்து ஏ-க்கு வரும்போது அதிர்வெண் மூன்றில் இரண்டாகிறது, இழுவிசை ஒன்பதில் நான்காகிறது, அதாவது பாதிக்கும் கீழே. பழைய இறுக்கம் அப்படியே வேண்டுமென்றால் தந்தியின் தடிமன் ஒன்றரை மடங்காக வேண்டும், 46 இருந்த இடத்தில் 69. நீங்கள் 64 போட்டது நல்லது. மந்தாரத்தின் 52 மிகவும் தளர்வு.

தளர்ந்த தந்தியைப் பலமாக அடித்தால் அந்தக் கணத்தில் அது இழுபட்டு, சுருதி சற்று மேலே ஏறிப் பிறகுதான் இறங்கி நிலைக்கும். டியூனரில் மெல்லத் தட்டிவிட்டு, நிலைத்தபின் பார்க்கிறீர்கள், அதனால் பச்சை விளக்கு. வாசிக்கும்போது தந்தி நிலைப்பதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது, ஆகவே முழு ரிஃப்பும் மேலேறிய சுருதியிலேயே ஓடுகிறது. மேடையில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அதே பலத்தில் அடித்து, அடித்த உடனே முள் காட்டும் இடத்தைப் பார்த்துச் சுருதி சேருங்கள்.

மந்தாரம், உங்களிடம் இப்படி நான்கு தடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் மேலேறுகிறது. அவற்றுக்கடியில் பேஸ் வேறொரு அளவில். இவை ஒன்றோடொன்று உராய்ந்து எழும் அலைவு கீழ் நடுப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இடைவெளி விட்டாலும் சேறு தெளியாததற்கு இது ஒரு காரணமாக இருக்கும்.

---

அதிர்வெண் எழுதியது:

80 ஹெர்ட்ஸ் சோதனையை என் பதிவொன்றில் செய்து பார்த்தேன். தாளக்கட்டை சொன்னது போலவே வித்தியாசம் தெரியவில்லை, கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கனம் 80-க்கும் 250-க்கும் நடுவில் என்றால், குரலுக்காக அதே இடத்தில் கிட்டாரைக் குறைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததல்லவா? ஏன் ரிஃப்பைத் தொட வேண்டும்?

---

தாளக்கட்டை எழுதியது:

குறைத்தால் குரலுக்கு நெஞ்சு திரும்பும், சொற்கள் திரும்பாது. சொற்கள் மேலே, பிக் சத்தத்துக்கு அருகில் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் வெட்டினால் கிட்டாரில் மிஞ்சுவது என்ன? ரிஃப்பைத் திருத்தியபின் சரணத்தில் மட்டும் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே கிட்டாரில் இரண்டு மூன்று டெசிபல் குறைக்கலாம். அது கறிவேப்பிலை அளவுக்கான வேலை, அதையே சமையலாக்கக்கூடாது.

---

மந்தாரம் எழுதியது:

இரண்டு வாரங்களுக்குப் பின் முடிவோடு வருகிறேன்.

அடித்தந்தியை 66-க்கு மாற்றினோம். நட்டின் பள்ளத்தைச் சற்று அராவ வேண்டியிருந்தது, இல்லையென்றால் தந்தி உட்காரவில்லை. பலமாக அடித்துச் சுருதி சேர்த்தோம். சரணத்தில் கட்டம் போட்ட அந்த ஐந்து அடிகள், பக்கத்துக்கு ஒரு தடம், கேட். குரலை எதுவுமே செய்யவில்லை, பழைய பதிவையே வைத்தோம்.

எங்களுக்கு வரிகள் மனப்பாடம் என்பதால் எங்கள் காதை நம்ப முடியாது என்று தோன்றியது. ஆகவே பாடலைக் கேட்டிராத ஒரு நண்பரை உட்கார வைத்து, முதல் நான்கு வரிகளை ஒரே முறை கேட்டு எழுதச் சொன்னோம். மொத்தம் 24 சொற்கள். பழைய மிக்ஸில் அவரிடம் ஐந்துதான் சரியாக வந்தன. அதே ஆளிடம் அதே வரிகளைத் திரும்பக் கொடுப்பது நியாயமில்லை என்பதால் புதிய மிக்ஸை இன்னொருவரிடம் கொடுத்தோம், அவர் 17 எழுதினார். நான்கு வரிகளின் கடைசிச் சொல்லும் சரி. தவறவிட்ட ஏழில் ஐந்து, ஏழாம் கட்டத்திலும் ஒன்பதாம் கட்டத்திலும் கிட்டார் அடியோடு சேர்ந்து விழுந்தவை. குரல்வளை சொன்னபடி அந்த ஐந்து இடங்களில் நெடிலுள்ள சொல்லாக மாற்ற முடியுமா என்று ராப்பரிடம் கேட்டேன். இரண்டை மாற்றினார். மற்ற மூன்றைத் தொட விடமாட்டேன் என்கிறார்.

கிட்டார்க்காரர் இப்போது இந்த ரிஃப்தான் முன்னைவிடக் கனம் என்று சொல்லிக்கொள்கிறார், தானே கண்டுபிடித்தது போல.

---

குரல்வளை எழுதியது:

24-ல் 17 என்றால் மோசமில்லை. ஆனால் கேட்டவர்கள் இருவர் வேறு ஆட்கள், ஒருவருக்கு இந்த வகை இசை பழக்கமாக இருந்திருக்கலாம். என்னிடம் அந்தச் சரணத்தை அனுப்புங்கள், வரியை மட்டும் குறைத்துப் பழைய ரிஃப்பின் மேலேயே சொல்லிக் காட்டுகிறேன். எது நல்லதென்று அப்போது பேசலாம்.

---

மந்தாரம் எழுதியது:

அனுப்புகிறேன். புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. பதிவில் சரியாக இருக்கிறது, ஆனால் ஒத்திகையில் வாசித்தால் நான்காம் எண்ணிக்கை காலியாக இருப்பதைப் பார்த்து எங்கள் டிரம்மருக்குக் கை நிற்கவில்லை. ஒவ்வொரு இரண்டாம் சுற்றிலும் அந்த இடத்தில் டாம்களை உருட்டிவிடுகிறார், இயைபுச் சொல் மறுபடியும் காணாமல் போகிறது.

---

தாளக்கட்டை எழுதியது:

எட்டாவது சுற்றின் முடிவில் ஒரே ஒரு முறை உருட்ட அனுமதி கொடுங்கள், அந்தச் சுற்றில் ராப்பரை மூன்றாம் எண்ணிக்கையிலேயே வரியை முடிக்கச் சொல்லுங்கள். மற்ற ஏழு சுற்றுகளுக்கும் டிரம்மரின் மானிட்டரில் குரலை நன்றாக ஏற்றிவையுங்கள். பெரும்பாலான டிரம்மர்கள் அந்த இடத்தை நிரப்புவது, அங்கே ஒருவர் பேசிக்கொண்டிருப்பது அவர்களுக்குக் கேட்காததால்தான்.